பாட்டி எழுந்திருக்கும் இரண்டரை நொடி

"என் முட்டி அவ்ளோ மோசமாவா இருக்கு தம்பி?" என்று அக்கா கேட்டார். எங்கள் அலுவலகத்தில் டீ போடுபவர், வயது ஐம்பதுக்குக் கொஞ்சம் மேல். திரையில் ஓடியது அவரை வீடியோ எடுத்து, அதன் மேல் நான் வரைந்த கார்ட்டூன் பாத்திரம், எழுபது வயதுப் பாட்டி. முகமும் புடவையும் வேறு, உயரம்கூட மூன்று தலை அளவுதான். ஆனாலும் அது தான்தான் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

அந்த வீடியோவை அனுமதி கேட்டுத்தான் எடுத்தேன். போனை ஸ்டாண்டில் வைத்து, நாலைந்து மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் எடுத்தேன். பக்கத்தில் வைத்து எடுத்தால் லென்ஸுக்கு அருகில் இருக்கும் கை பெருத்துத் தெரியும். அதன் மேல் வரைந்தால் உடம்பின் அளவு ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறும். ஸ்டெபிலைசேஷனையும் அணைத்துவிட்டேன். இல்லையென்றால் தரையே லேசாக மிதக்கும், ஊன்றிய கால் வழுக்குவது போல ஆகிவிடும். போன் வீடியோவில் ஃப்ரேம்கள் சீரான இடைவெளியில் இருப்பதில்லை என்பதால், வரைவதற்கு முன் ஒருமுறை நொடிக்கு 24 ஃப்ரேம் என்று நிலைப்படுத்தினேன்:

```
ffmpeg -i paatti.mp4 -vf fps=24 paatti24.mp4
```

தரையில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து நிற்க 60 ஃப்ரேம் ஆனது, அதாவது இரண்டரை நொடி. நடுவில் 14 ஃப்ரேம் அவர் இடுப்பு கிட்டத்தட்ட அசையவே இல்லை. உள்ளங்கை முட்டியை அழுத்துகிறது, தலை முன்னால் போகிறது, அவ்வளவுதான். பிறகுதான் உடம்பு மேலே வருகிறது.

எங்கள் அனிமேஷன் குழுவின் லீட் பார்த்துவிட்டு, "எந்திரிக்கவே ரெண்டரை செகண்டா? அந்த கேப்பை எடுத்துடு, குழந்தைங்க தள்ளிவிட்டுப் போயிடுவாங்க" என்றார். எடுத்தும் பார்த்தேன். பாட்டியை யாரோ மேலிருந்து கயிறு கட்டித் தூக்கியது போல இருந்தது. காரணம் எளிது. உட்கார்ந்திருப்பவர் எழ வேண்டுமென்றால் முதலில் உடம்பின் பாரம் பாதத்துக்கு மேலே வந்தாக வேண்டும். அதற்குத்தான் தலை முன்னால் போகிறது, கை முட்டியில் ஊன்றுகிறது. அந்த 14 ஃப்ரேமில்தான் எடை இருக்கிறது. அதை நீக்கினால் மிச்சமிருப்பது வெறும் இடமாற்றம்.

அதனால் திரும்பச் சேர்த்தேன். சேர்த்தது மட்டுமில்லை, கூட்டவும் செய்தேன். அசல் உருவத்தின் வெளிக்கோட்டை அப்படியே டிரேஸ் செய்தால் புடவை மடிப்பு ஒவ்வொரு படத்திலும் வேறு மாதிரி விழுந்து, கோடு முழுக்கக் கொதிப்பது போல நடுங்கும். அதனால் தலை, தோள், இடுப்பு, முட்டி, கணுக்கால் இவற்றை மட்டும் புள்ளியாக வைத்துக்கொண்டேன். பாட்டிக்குப் பெரிய தலை, குட்டைக் கால்கள். அக்காவின் புள்ளிகள் அவள் உடம்பில் பொருந்தாது. எடுக்க முடிந்தது கோணங்களும் நேரமும்தான். அந்தக் குட்டைக் காலில் முட்டி வலி தெரியவில்லை என்பதால் முதுகை இன்னும் வளைத்தேன், கை அழுத்துவதை இன்னும் ஆழமாக்கினேன். இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு படம் என்ற கணக்கில் மொத்தம் 30 படங்கள். லீட் கடைசியில் ஒப்புக்கொண்டார்.

ஆக, அக்கா பார்த்தது அவருடைய முட்டியை அல்ல, நான் கூட்டிக் காட்டிய முட்டியை. இதை அவரிடம் சொன்னேன். "வேணும்னுதான் அதிகமாக்கினேன் அக்கா, நீங்க இப்படி எந்திரிக்கிறதில்ல." அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. சொன்னது உண்மைதான். ஆனால் கூட்டுவதற்கு ஏதோ ஒன்று அங்கே இருந்ததால்தானே கூட்ட முடிந்தது?

முகம் இல்லையே, அடையாளம் இல்லையே என்று எனக்கு நானே வாதாடிக்கொள்வேன். அந்த வாதம் நிற்பதில்லை. யோஹான்சன் என்ற ஸ்வீடன் உளவியலாளர் 1973-இல் மூட்டுகளில் மட்டும் விளக்குப் புள்ளிகளை வைத்து இருட்டில் ஆட்களை நடக்கவிட்டுக் காட்டினார். பார்த்தவர்களுக்கு அது மனிதர் என்று சட்டெனத் தெரிந்தது. 1977-இல் கட்டிங், கோஸ்லோவ்ஸ்கி என்ற இருவர் அதே முறையில் சோதித்தபோது, புள்ளிகளின் அசைவிலிருந்தே நண்பர்களை ஓரளவுக்கு இனம்காண முடிந்தது. நான் வைத்துக்கொண்டதும் அதே மூட்டுப் புள்ளிகள்தான். முகத்தை எடுத்துவிட்டு, ஆளைத் தெரியவைப்பதை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்போது எடுப்பதற்கு முன்பே, யார் பாத்திரத்துக்காக, எந்த அசைவை எடுக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அது நியாயம் என்றுதான் படுகிறது. ஆனால் "பாட்டி எழுவதற்காக" என்று சொன்னதுமே ஆட்கள் பாட்டியாக நடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இடுப்பைப் பிடிக்கிறார்கள், முனகுகிறார்கள், முட்டியில் கை வைத்தாலும் பாரத்தை அதில் இறக்குவதில்லை. அந்த வீடியோவின் மேல் வரைந்தால் பாட்டி மறுபடி மிதக்கிறாள். அதனால் அடுத்த எபிசோடுக்கும் அக்காவின் பழைய கோப்பையே திறந்து வைத்திருக்கிறேன். அவரிடம் இன்னும் கேட்கவில்லை.