மூன்று குழுக்கள், ஒரு 24, இரண்டு விடைகள்

மருத்துவக் கல்லூரியில் புள்ளியியல் பிரிவில் இருப்பவர்களுக்கு தீசிஸ் காலம் எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மயக்கவியல் பிஜி மாணவர்கள் கொண்டுவரும் தரவில் பாதிக்கு மேல் ஒரே அச்சுதான். நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்து, நரம்புத் தடைக்கு மூன்று விதமான மருந்துக் கலவை கொடுத்து, அறுவை முடிந்த பிறகு எத்தனை மணி நேரம் கழித்து முதல் தடவையாக வலி மருந்து கேட்டார்கள் என்று குறித்திருப்பார்கள். மூன்று குழு என்றதும் கை தானாக ஒன்வே அனோவாவுக்குப் போய்விடும். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

கையால் போட்டுப் பார்க்க வசதியாக, குழுவுக்கு ஐந்து பேர் வைத்து நானே அமைத்த எண்களைக் கொண்டு சொல்கிறேன். நிஜத் தரவு பெரியது, ஆனால் நடப்பது இதேதான். முதல் குழு: 3, 4, 5, 6, 24 மணி. இரண்டாவது: 7, 8, 9, 10, 11. மூன்றாவது: 12, 13, 14, 15, 16.

முதல் குழுவில் அந்த 24 கண்ணை உறுத்துகிறது. "மேடம், அந்த ஒரு பேஷன்டை மட்டும் எடுத்துட்டா சரியா வந்துடுமா?" என்று மாணவர் கேட்பார். எடுக்கக் கூடாது. கேஸ் ஷீட்டைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் அது தட்டச்சுப் பிழையாக இருக்காது. கண்காணிப்பே 24 மணி நேரத்துக்குத்தான், அந்த நோயாளி அதுவரை வலி மருந்து கேட்கவே இல்லை, அவ்வளவுதான். அதாவது அந்த எண்ணின் உண்மையான அர்த்தம் "24 அல்லது அதற்கு மேல்". இப்படி ஒரு ஆளைச் சராசரிக்குள் போடுவதே சங்கடம், ஏனென்றால் அவருடைய சரியான எண் யாருக்கும் தெரியாது.

அனோவா இதில் என்ன செய்கிறது என்று பாருங்கள். குழுச் சராசரிகள் 8.4, 9, 14. குழுக்களுக்குள் இருக்கும் மாறுபாடு, அதாவது வேரியன்ஸ், முதல் குழுவில் 77.3, மற்ற இரண்டிலும் 2.5. மூன்று குழுவிலும் சிதறல் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், எச்சங்கள் நார்மல் பரவலை ஒட்டி இருக்க வேண்டும் என்ற இரண்டு எதிர்பார்ப்பும் இங்கே உடைந்துவிட்டன. F மதிப்பு 1.72 வருகிறது; 5 சதவீத எல்லையான 3.89-ஐ எட்டவில்லை. ஒரே ஒரு ஆள் கீழே வகுக்கும் எண்ணை ஊதிவிட்டார், வித்தியாசம் அதற்குள் மறைந்துபோய்விட்டது.

இந்த இடத்துக்குத்தான் க்ருஸ்கலும் வாலிஸும் 1952-இல் வெளியிட்ட சோதனை பொருந்தும். செய்வது எளிது. பதினைந்து பேரையும் குழு பார்க்காமல் ஒரே வரிசையில் நிறுத்தி, சிறியதிலிருந்து 1, 2, 3 என்று தரம் போட வேண்டும். 3 மணிக்காரருக்கு 1, 24 மணிக்காரருக்கு 15. அப்புறம் குழுவாரியாகத் தரங்களைக் கூட்ட வேண்டும். முதல் குழு 1+2+3+4+15 = 25, இரண்டாவது 35, மூன்றாவது 60. மூன்றையும் கூட்டினால் 120 வர வேண்டும், ஏனென்றால் 1 முதல் 15 வரை கூட்டினால் அதுதான். வராவிட்டால் எங்கோ தரம் தவறியிருக்கிறது, மேலே போகாமல் அங்கேயே தேடுங்கள். வந்துவிட்டால் சோதனையின் எண்ணான H-ஐப் போடலாம்; இதில் N மொத்தப் பேர், n ஒரு குழுவில் உள்ளவர்கள், R அந்தக் குழுவின் தரக் கூட்டல்.

```
H = 12/(N(N+1)) × Σ(R²/n) − 3(N+1)
  = 12/(15×16) × (625+1225+3600)/5 − 48
  = 6.5
```

ஆர் மென்பொருளில் `kruskal.test` போட்டாலும் இதே 6.5 வரும், p மதிப்பு 0.039. இந்த p, கை-வர்க்கப் பரவலை வைத்துப் போட்ட தோராயம், அதில் எல்லை 5.99. குழுவுக்கு ஐந்து பேர் மாதிரிச் சிறிய தரவுக்குச் சரியான அட்டவணை தனியாக உண்டு, அதில் எல்லை 5.78. நம் எண் இரண்டையும் தாண்டுகிறது. அந்த 24-ஐ 40 ஆக்கினாலும் H மாறாது, தரம் அதே 15 தானே. "24 அல்லது அதற்கு மேல்" என்ற தகவலைப் பொய் சேர்க்காமல் அப்படியே உள்ளே எடுத்துக்கொள்கிறது என்பதால்தான் எனக்கு இந்தச் சோதனை மேல் இவ்வளவு மதிப்பு. (இப்படி 24-ஐ எட்டியவர்கள் பலர் இருந்தால் அவர்களுக்கெல்லாம் ஒரே சராசரித் தரம், சமனுக்கான திருத்தத்தை மென்பொருள் தானே செய்துவிடும். ரொம்பப் பேர் என்றால் உயிர்வாழ்வுப் பகுப்பாய்வுக்குப் போவதுதான் முறை.)

H பெரிதாக வந்ததும் மாணவர்கள் "மீடியன்கள் வேறுபடுகின்றன" என்று எழுதிவிடுகிறார்கள். மூன்று குழுவின் பரவலும் ஒரே வடிவத்தில் இருந்து, இடம் மட்டும் நகர்ந்திருந்தால்தான் அப்படி எழுதலாம். இங்கே முதல் குழுவின் வடிவமே வேறு. சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஏதாவது ஒரு குழுவில் உள்ளவர்கள் மற்றவர்களைவிட நேரம் கழித்துக் கேட்கும் போக்கு இருக்கிறது.

சரி, எந்தக் குழு? தீசிஸ் கைடு உண்மையில் கேட்பது இதைத்தான், நான் அதிக நேரம் செலவழிப்பதும் இங்கேதான். எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் டன் முறை வரும். அது பதினைந்து பேரின் பழைய தரங்களையே வைத்துக்கொண்டு சராசரித் தரங்களை ஒப்பிடுகிறது. நமக்கு அவை 5, 7, 12. ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடைவெளி 7, திட்டப் பிழை 2.83, போன்ஃபெரோனி திருத்தத்துக்குப் பிறகு p 0.04. இரண்டுக்கும் மூன்றுக்கும் p 0.23. ஆக, ஒன்றும் மூன்றும் மட்டும் வேறு என்கிறது.

இதே தரவை ஜமோவியில் போட்டால் அது ஒவ்வொரு ஜோடியையும் தனியாக எடுத்துப் புதிதாகத் தரம் போடும். அங்கே விடை தலைகீழ். இரண்டும் மூன்றும் மட்டுமே வேறு, p சுமார் 0.02. ஒன்றுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் இல்லை.

இரண்டு மென்பொருளிலும் பிழை இல்லை. எண்களை நேராகப் பாருங்கள். மூன்றாவது குழுவின் ஐந்து பேருமே இரண்டாவது குழுவின் ஐந்து பேரையும் தாண்டுகிறார்கள், 25 ஜோடியில் 25. ஒன்றுக்கு எதிராக 25-இல் 20 தான், 24 மணிக்காரர் எல்லோருக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறார். ஆனால் டன் முறையில் இரண்டாவது குழுவின் ஐந்து பேரும் ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே நின்று அந்த இடைவெளியை விரித்துவிடுகிறார்கள். அவர்களை எடுத்துவிட்டுத் தரம் போட்டால் முதல் குழுவின் சராசரித் தரம் 4, மூன்றாவதன் தரம் 7. ஏழாக இருந்த இடைவெளி மூன்றாகிவிட்டது. அதாவது இரண்டு மருந்துகளுக்கு இடையிலான முடிவு, அந்த ஒப்பீட்டில் இல்லாத மூன்றாவது மருந்தைப் பொறுத்து மாறுகிறது. மருத்துவருடைய கேள்வி "இந்த மருந்தா, அந்த மருந்தா" என்பதாக இருந்தால் இது ஏற்க முடியாத விஷயம் என்பது என் உறுதியான கருத்து. அதனால் நான் ஜோடிவாரியாகத் தரம் போடும் முறையைத்தான் சொல்கிறேன்.

டன் முறையை விரும்பும் சகாக்களும் இருக்கிறார்கள். மொத்தச் சோதனையும் ஜோடிச் சோதனையும் ஒரே தரங்களில் நிற்பது நல்லது என்பது அவர்கள் வாதம், அதிலும் நியாயம் உண்டு. நடக்கக் கூடாதது, இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு கைடுக்குப் பிடித்த விடை வந்ததை எழுதுவது. ஆகவே எத்திக்ஸ் கமிட்டிக்குப் போகும் புரோட்டோகாலிலேயே ஜோடி ஒப்பீட்டு முறையின் பெயரையும், எத்தனை ஜோடிக்குத் திருத்தம் என்பதையும் எழுதச் சொல்கிறேன். முடிவு அட்டவணையில் சராசரி ± எஸ்டிக்குப் பதில் மீடியனும் கால்மானங்களும், H-உம் அதன் சுதந்திரப் பாகையும், 24 மணி வரை மருந்து கேட்காதவர்கள் ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர் என்பதும் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன அந்த வரிசையைத்தான் பலர் விட்டுவிட்டு வருகிறார்கள், திருப்பி அனுப்பிச் சேர்க்கச் சொல்கிறேன்.