மூன்று கைகள் ஒரே படத்தில்

மார்ச் 4

மகள் பிறந்து இன்றோடு பன்னிரண்டு நாள். அவள் கையை என் அப்பாவும் அம்மாவும் பிடித்திருப்பதை நெருக்கத்தில் படமெடுக்க முயன்றேன், சரியாக அமையவில்லை. அகலக் கோண லென்ஸைக் கிட்டத்தில் வைத்து, பின்னாலிருந்து அப்பா ஏந்திக்கொள்ளும்படி எடுத்ததால், லென்ஸை ஒட்டியிருந்த குழந்தையின் கை பெரிதாகவும் அவருடைய உள்ளங்கை சிறிதாகவும் பதிவாகிவிட்டது. நான் காட்ட நினைத்ததே அந்த அளவு வேறுபாட்டைத்தான். போதாக்குறைக்கு, அவ்வளவு கிட்டத்தில் f/2.8 வைத்ததால் ஃபோகஸ் சில மில்லிமீட்டருக்கு மேல் நிற்கவில்லை. பிஞ்சு நகங்கள் துல்லியமாகத் தெரிய, அம்மாவின் விரல் சுருக்கங்கள் மங்கிப்போயிருந்தன.

மார்ச் 6

இன்று கேமராவைத் தொடவில்லை, கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பசிக்கும்போது இறுக மூடியிருக்கும் அவளுடைய கைகள், பால் குடித்து முடித்ததும் தாமாகவே தளர்கின்றன. அப்போது அம்மா தன் ஆள்காட்டி விரலைக் குழந்தையின் சுண்டுவிரல் பக்கமிருந்து உள்ளங்கைக்குள் வைத்தால், நொடியில் பற்றிக்கொள்கிறாள். பிறவியிலேயே இருக்கும் இந்த அனிச்சைப் பிடி சுமார் ஆறு மாதத்திற்குள் மறைந்துவிடும் என்பதால்தான் படத்தை இந்த மாதமே எடுத்துவிட வேண்டும் என்று தவிக்கிறேன். பிடியை விடுவிக்க விரல்களை இழுத்துப் பிரிக்கக் கூடாது, புறங்கையை மெல்ல வருடினால் போதும் என்று அம்மா செய்து காட்டினார். வருடியதும் ஒவ்வொரு விரலாக விரிந்ததைப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை.

மார்ச் 9

படம் கிடைத்துவிட்டது. பால் குடித்து அவள் உறங்கத் தொடங்கியதும், அம்மா மோதிரத்தைக் கழற்றிவிட்டு, இருவரும் கழுவித் துடைத்த கைகளைச் சற்றுத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வந்தார்கள். மஞ்சள் விளக்கை அணைத்துவிட்டு, இடப்பக்கச் சன்னல் வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். பக்கவாட்டில் தாழ்வாக விழும் ஒளியில்தான் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் ஒரு மெல்லிய நிழல் உண்டாகிறது. நேரே ஃபிளாஷ் அடித்தால் அந்த நிழல் இருக்காது, தோல் தட்டையாகிவிடும், குழந்தையின் கண்ணும் கூசும்.

அம்மாவின் விரல் சிறிது நடுங்குவதால் மணிக்கட்டைத் தலையணையில் ஊன்றச் சொன்னேன். விரலை மடக்காமல் நீட்டியே வைத்திருக்கவும் கேட்டுக்கொண்டேன், ஏனென்றால் மடக்கினால் மூட்டுத் தோல் இழுபட்டு மடிப்புகள் குறைந்துவிடுகின்றன. 100 மி.மீ. மேக்ரோ லென்ஸை நேர் மேலிருந்து பிடித்து, மூன்று கைகளும் ஏறக்குறைய ஒரே தொலைவில் இருக்கும்படி செய்து, f/8, 1/160 என்று வைத்து எடுத்தேன்.

குழந்தையின் நான்கு விரல்களும் சேர்ந்து, அம்மாவின் விரலில் ஒரு மூட்டிலிருந்து அடுத்த மூட்டு வரைதான் எட்டின. சுருக்கங்களைக் கணினியில் அழித்துவிட முடியுமா என்று அம்மா கேட்டார். முடியும், ஆனால் செய்ய மாட்டேன் என்றேன்.

கீழே ஏந்தியிருந்த அப்பா, பாரம் தெரிந்துவிடுமோ என்று பயந்து, கட்டைவிரலை அவளுடைய மணிக்கட்டின் மேல் படாமல் தூக்கியே வைத்திருந்தார். பத்துப் பதினைந்து படங்களுக்குப் பிறகே அதை மெல்ல இறக்கினார். அந்தப் படத்தைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.