மீட்டரோடு ஒத்துப்போகாத கணக்கு

ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். வீட்டு மின்சாரத் தணிக்கையைச் செயல்திட்டமாகக் கொடுக்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. முதல் வருடம் படுதோல்வி. ஆனால் அது தோல்வி என்றே எனக்கு உடனே தெரியவில்லை, ஏனென்றால் வந்த தாள்கள் எல்லாம் பார்க்க அழகாக இருந்தன.

அப்போது கொடுத்தது ஒரே ஒரு அட்டவணை. சாதனத்தின் பெயர், எத்தனை வாட், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். கடைசி வரியில் கூட்டுத்தொகை, அதற்குக் கீழே மீட்டர் காட்டும் ஒரு நாள் செலவு. இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஒத்துப்போயின. சில தாள்களில் தசமப்புள்ளிக்குப் பின் இரண்டாவது இலக்கம் வரைக்கும்! ஒரு பையனைக் கூப்பிட்டு எப்படி என்று கேட்டேன். "வரல சார், அதான் ஃபேன் ஓடுற நேரத்தக் கொஞ்சம் ஏத்திட்டேன்" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஒத்துப்போனால்தான் சரி என்று சொல்லிக் கொடுத்தது நான். கடைசிப் பக்கத்தில் 'இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?' என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் மின்சாரத்தைச் சேமிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அது தணிக்கை செய்வதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த வருடம் தாள்களை மாற்றினேன். முதல் தாள் மீட்டருக்கு மட்டும். ஏழு நாள், தினமும் ஒரே நேரத்தில் மீட்டர் அளவைக் குறிக்க வேண்டும். ஒரு நாள் போதாதா என்று கேட்பார்கள். பல மீட்டர்களில் முழு யூனிட்தான் சுலபமாகக் கண்ணில் படும். நாளுக்கு ஆறு யூனிட் ஓடும் வீட்டில் ஒரு யூனிட் முன்னே பின்னே போனால் ஆறில் ஒரு பங்கு பிழை. அதே ஒரு யூனிட் ஏழு நாள் மொத்தத்தில் வந்தால் பெரிதாக உறுத்தாது. நேரம் மாறினாலும் கணக்கு கெட்டுவிடும். காலை ஏழு மணிக்கு ஒரு நாள், மறுநாள் ஒன்பது மணிக்கு என்று எடுத்தால் நடுவில் ஹீட்டர் ஓடிய கணக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாமல் போகும்.

இரண்டாவது தாள் பழைய அட்டவணைதான். ஆனால் ஒவ்வொரு வரியிலும் எண் எங்கிருந்து வந்தது என்று ஒரு கட்டம் சேர்த்தேன்: லேபிளில் பார்த்தது, அளந்தது, குத்துமதிப்பு. மூன்றில் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். மூன்றாவது தாள் மீட்டரின் துடிப்பை எண்ணுவதற்கு. மின்னணு மீட்டரின் முகப்பில் சின்ன சிவப்பு விளக்கு சிமிட்டும், பக்கத்தில் 3200 imp/kWh என்பது போல ஒரு எண் இருக்கும். அது 1600 ஆகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், அவரவர் மீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். 3200 என்றால், 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். ஆக ஒரு சிமிட்டலுக்கு 1125 ஜூல். எண்ணிய சிமிட்டல்களை 1125 ஆல் பெருக்கி, பிடித்த நொடிகளால் வகுத்தால், அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைத்துவிடும். எதையும் கழற்ற வேண்டாம், எதையும் தொட வேண்டாம். கைபேசியின் நிறுத்தக் கடிகாரம் போதும்.

இதை வைத்து ஒரு மாணவி செய்ததைச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

அவள் வீட்டு மீட்டர் ஏழு நாளில் 42.7 யூனிட் ஓடியது, நாளுக்கு 6.1. இரண்டாவது தாளின் கூட்டுத்தொகையோ 9.34. மூன்று யூனிட்டுக்கு மேல் அதிகம். மீட்டர் மெதுவாக ஓடுகிறதோ என்று வீட்டில் சந்தோஷமாகப் பேசிக்கொண்டார்களாம். மீட்டரைச் சந்தேகிப்பதற்கு முன்னால் தாளைச் சந்தேகப்படு என்று சொல்லி, பெரிய வரிகளை மட்டும் திரும்பப் பார்க்கச் சொன்னேன்.

முதல் சந்தேகம் ஃபிரிட்ஜ். லேபிளில் 160 வாட், இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிறது, ஆக 3.84 யூனிட் என்று எழுதியிருந்தாள். ஃபிரிட்ஜ் எந்நேரமும் சுவரில் செருகியிருக்கிறது என்பது உண்மை. கம்ப்ரசர் எந்நேரமும் ஓடுகிறது என்பது உண்மையில்லை. உள்ளே குளிர் வந்ததும் நின்றுவிடும், சூடேறியதும் திரும்ப எடுக்கும். லேபிளில் உள்ளது அது இழுக்கக்கூடிய உச்சத்தைச் சொல்லும் எண். பள்ளியில் சுவரில் செருகி அளக்கும் வாட்மீட்டர் இரண்டு வைத்திருக்கிறோம், முறை வைத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவோம். முழு ஒரு நாள் மாட்டி வைத்ததில் அவள் வீட்டு ஃபிரிட்ஜ் 1.2 யூனிட் காட்டியது. ஒரு மணி நேரம் மட்டும் மாட்டி 24 ஆல் பெருக்கியவர்களும் உண்டு. அந்த ஒரு மணியில் கம்ப்ரசர் ஓடியதா தூங்கியதா என்பதைப் பொறுத்து அவர்கள் விடை எங்கேயோ போய் நின்றது.

அடுத்தது வாட்டர் ஹீட்டர். 2000 வாட், ஒரு மணி நேரம், 2 யூனிட். அதில் தெர்மோஸ்டாட் இருக்கிறது. தண்ணீர் சூடானதும் அதுவே துண்டித்துக்கொள்ளும், சுவிட்ச் மட்டும் போட்டபடி இருக்கும். அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்த நிமிடங்களை மட்டும் குறித்தாள். மொத்தம் 25 நிமிடம், அதாவது 0.83 யூனிட். இஸ்திரிப் பெட்டியிலும் இதே கதை. விளக்கு பாதி நேரம்தான் எரிந்தது, அரை யூனிட் கால் யூனிட் ஆனது.

இதுவரை எல்லாம் குறைந்துகொண்டே வந்ததால், லேபிள் எப்போதுமே கூட்டித்தான் சொல்லும் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். தண்ணீர் மோட்டார் அதை உடைத்தது. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட் என்று புத்தகத்தில் பார்த்து, அரை மணி நேரத்துக்கு 0.37 யூனிட் போட்டிருந்தாள். ஆனால் மோட்டாரின் குதிரைத்திறன் என்பது அச்சில் அது வெளியே தரும் திறன், உள்ளே இழுக்கும் மின்சாரம் இல்லை. கம்பிச்சுருள் சூடாவதில், உராய்வில் எல்லாம் போவதைச் சேர்த்து அது இழுப்பது கூடுதலாகத்தான் இருக்கும். மோட்டாருக்கு நேரடி இணைப்பு, வாட்மீட்டர் மாட்ட முடியாது. அதனால் சிமிட்டல்தான் வழி. ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மோட்டாரை மட்டும் போட்டதில் 63 நொடியில் 60 சிமிட்டல். கணக்குப் போட்டால் சுமார் 1070 வாட். இதில் மோட்டார் போடாதபோதே வீடு இழுக்கும் 20 வாட்டைக் கழித்தால் 1050. அரை மணிக்கு 0.53 யூனிட்.

அந்த 20 வாட் எங்கிருந்து வந்தது என்பதுதான் அடுத்தது. இத்தனை திருத்தங்களுக்குப் பிறகு கூட்டுத்தொகை 5.44க்கு வந்தது. மீட்டர் 6.1. இப்போது கணக்கு எதிர்ப்பக்கம் இடித்தது, 0.66 யூனிட் குறைவு. வகுப்பில் பலர் இந்த இடத்தில்தான் சோர்ந்து போகிறார்கள். அளக்க அளக்கச் சரியாக வர வேண்டியது, தலைகீழாகப் போகிறதே என்று. உண்மையில் அட்டவணையில் எழுதாத எதையோ தேட இப்போதுதான் வழி திறக்கிறது. முன்பு ஃபிரிட்ஜின் கொழுத்த எண் அதை மூடி வைத்திருந்தது.

இரவு எல்லோரும் படுத்த பிறகு விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்தி, ஃபிரிட்ஜைச் சற்று நேரம் மட்டும் பிடுங்கிவிட்டு, மீட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு நிமிடம். பத்து வருவதற்கு 9 நிமிடம் 22 நொடி. அதாவது 20 வாட். "நின்னுடுச்சோன்னு நெனச்சு எழுந்து போகப் பாத்தேன் சார், அப்பதான் சிமிட்டுச்சு" என்றாள். எதுவும் ஓடாத வீட்டில் 20 வாட் இழுத்தது செட்டாப் பாக்ஸும் வைஃபை ரூட்டரும். வாட்மீட்டரில் பெட்டி மட்டும் 12 வாட். ரிமோட்டில் அணைத்தாலும் அந்த எண் பெரிதாக அசையவில்லை. 20 வாட் என்பது அற்பம்தான், ஆனால் 24 மணி நேரத்துக்கு 0.48 யூனிட். அவள் வீட்டில் மோட்டாருக்கு ஆகிற செலவுக்கு ஏறக்குறைய சமம்.

இந்தத் துடிப்பு முறை எல்லா வீட்டிலும் நடக்காது. இன்வர்ட்டர் உள்ள வீட்டில் பேட்டரி சார்ஜ் ஏறும்போது எண்ணினால், இரவு எண்ணிக்கை ஏகத்துக்கு வரும். கூரையில் சூரியத் தகடு இருந்தால் பகலில் மீட்டர் காட்டுவது வீட்டின் செலவே இல்லை. மீட்டர் பூட்டிய அறையில் இருக்கும் அடுக்குமாடிகளும் உண்டு. அந்த மாணவர்களுக்கு வாட்மீட்டரை முதலில் கொடுத்து, இரண்டாவது தாளை மட்டும் செய்யச் சொல்கிறேன். மின்கட்டண ரசீதை யாரிடமும் கேட்பதில்லை. யார் வீட்டில் எவ்வளவு என்று வரிசைப்படுத்தியதும் முதல் வருடத்தோடு சரி. ஏசி இருக்கிற வீடும் இல்லாத வீடும் ஒரே வகுப்பில் இருக்கும்போது அது தேவையில்லாத வம்பு.

சிந்தித்து எழுதும் பகுதியில் இப்போது மூன்றே கேள்விகள். அதிகம் செலவழிக்கும் மூன்று சாதனங்கள் எவை என்று முதல் நாளே பேனாவில் எழுதி என்னிடம் கொடுத்துவிட வேண்டும், கடைசியில் அதைத் திருப்பித் தருவேன். அதில் எது தப்பியது, ஏன்? திருத்தும்போது எந்த வரி அதிகம் மாறியது, ஏன்? உன் தாளிலேயே நீ குறைவாக நம்பும் எண் எது? மூன்றாவது கேள்விக்குத்தான் மதிப்பெண் அதிகம் வைத்திருக்கிறேன். வகுப்பின் நல்ல பதில்கள் எல்லாம் அதில்தான் வருகின்றன. ஒரு பையன், ஃபேன் வேகத்தைக் குறைத்தாலும் 75 வாட்டே போட்டிருக்கிறேன், அதை நம்பவில்லை என்று எழுதியிருந்தான். சரியான சந்தேகம்.

இந்த மாணவியின் தாளில் 0.48ஐச் சேர்த்ததும் கூட்டுத்தொகை 5.92 ஆனது. 0.18 மட்டும் விளக்கம் இல்லாமல் நின்றது. மூன்று சதவீதம், நான் அங்கேயே நிறுத்தியிருப்பேன். அவள் நிறுத்தவில்லை. டிவி ஓடும் நான்கு மணி நேரத்துக்கான வரியில் செட்டாப் பாக்ஸையும் சேர்த்தே அளந்திருந்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. அதே பெட்டியை இரவுக் கணக்கிலும் 24 மணி நேரத்துக்குப் போட்டாயிற்று. பன்னிரண்டு வாட், நான்கு மணி நேரம், 0.05 யூனிட் இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கிறது.

மூன்றாவது கேள்விக்குக் கீழே அதை எழுதிவிட்டு, கடைசி வரியில் இருந்த 0.18ஐ ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் 0.23 என்று எழுதியிருந்தாள்.