மாரியம்மாள் என்ற ஆறு எழுத்துகள்

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாம் வகுப்பில் அ, ஆ சொல்லிக்கொடுத்தவள் நான். அதனால் விழுப்புரம் பக்கத்தில் எங்கள் ஊரில் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்குத் தன்னார்வலராகப் பெயர் கொடுத்தபோது எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. 15 வயதைக் கடந்தும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான திட்டம் அது. 200 மணி நேரப் பாடம். முடிவில் படித்தல், எழுதுதல், கணக்கு மூன்றுக்கும் தலா 50 என்று 150 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு. நூறு நாள் வேலை நடந்த ஏரிக்கரையில், சாப்பாட்டுக்குப் பிறகு வேப்பமரத்தடியில் வகுப்பு. வந்தவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய பெண்கள். ஆடு மேய்க்கவும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் பள்ளிக்கு அனுப்பப்படாமல் நிறுத்தப்பட்டவர்கள்.

எங்கள் பக்கத்தில் மாரியம்மாள் இல்லாத வகுப்பே கிடையாது. என் வகுப்பிலும் ஒருவர் இருந்தார். முதல் நாளே, "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் டீச்சர்" என்றார். சுய உதவிக் குழுவில் கடன் வாங்கும்போது கைநாட்டு வைக்கக் கூடாது என்று யாரோ பழக்கியிருக்கிறார்கள். நோட்டில் போட்டுக் காட்டினார். பரவாயில்லை, ஆறு எழுத்து தெரிந்தவர், சீக்கிரம் ஏறிவிடுவார் என்று நினைத்தேன்.

மறுநாள் ஓர் அட்டையில் 'மா' என்று மட்டும் பெரிதாக எழுதி அவரிடம் காட்டினேன். தெரியவில்லை. அவருடைய பெயரிலேயே அந்த எழுத்து இரண்டு முறை வருகிறது. பெயர் முழுவதையும் எழுதி, 'ரி'யைத் தொட்டு, "இது என்ன?" என்று கேட்டேன். "என் பெயர்" என்றார். 'ள்'ளைத் தொட்டேன். அதற்கும் "என் பெயர்தானே டீச்சர்" என்றார்.

அப்போதுதான் அவர் கையைக் கவனித்தேன். 'மா'வை முடித்து 'ரி'க்குப் போகும்போது அவர் கை நிற்கவே இல்லை. மேலே ஏறி, வளைந்து, இறங்கி, சிக்குக்கோலம் இழுப்பதுபோல ஒரே ஓட்டமாகப் போனது. மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியும் வைக்கவில்லை. பார்க்க 'மாரியமமாள' என்று இருந்தது. அவருக்கு அது ஒரு படம். படத்தில் இரண்டு பொட்டு விடுபட்டால் யாருக்கு உறுத்தும்?

ஒன்றாம் வகுப்புக் குழந்தையிடம் இந்தச் சிக்கல் வராது. குழந்தை எழுத்தை ஓசையோடு சேர்த்துப் புதிதாகப் பெறுகிறது. ஏற்கெனவே மனத்தில் பதிந்த படத்தைக் கலைக்க வேண்டியதில்லை. பெரியவர்களோ நாற்பது ஆண்டுகளாக எழுத்து தெரியாமலே எழுத்து நிறைந்த ஊரில் வாழ்ந்து, ஒவ்வொன்றையும் உருவமாக நினைவில் வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். அந்தத் திறமைதான் இங்கே குறுக்கே நிற்கிறது. 'கையெழுத்துப் போடுவார்' என்பதை வைத்து யாரையும் அரை எழுத்தறிவு பெற்றவர் என்று கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அன்று முடிவுசெய்தேன். பெயரிலுள்ள எழுத்தைத் தனியே எடுத்துக் காட்டினால் உண்மை தெரிந்துவிடும்.

அதனால் பாடநூலை ஒரு வாரம் மூடி வைத்தேன். அவர் பெயரை ஆறு அட்டைகளாக வெட்டினேன். முதலில் கையைத் தட்டிச் சொல்ல வைத்தேன்: மா, ரி, ய, ம், மா, ள். ஆறு தட்டு, ஆறு அட்டை. ஒரு தட்டுக்கு ஓர் எழுத்து என்பதை அவர் ஏற்றுக்கொள்ளவே இரண்டு நாள் ஆனது. பிறகு ஒரேமாதிரி இருக்கும் அட்டைகளைத் தேடச் சொன்னேன். இரண்டு 'மா'வையும் எடுத்து அருகருகே வைத்தார். "இப்போது படியுங்கள்" என்றேன். வாய்க்குள் இரண்டு முறை முணுமுணுத்துவிட்டு, "மாமா" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. அட்டைகளை மாற்றி வைத்து 'மாரி' என்று படித்தார். பிறகு என்னைக் கேட்காமலே 'ம்' அட்டையை எடுத்து 'மா'வுக்குப் பின்னால் வைத்து, "இது 'மாம்'. இப்படி ஒரு வார்த்தை இல்லையே" என்றார். வார்த்தை இல்லை என்று அவரால் சொல்ல முடிந்தது, அவர் படித்ததால்தான்.

1990களில் நடந்த அறிவொளி இயக்கத்தின் பாடநூல் அகர வரிசையை விட்டுவிட்டு 'பட்டா' என்ற சொல்லில் தொடங்கியதன் காரணம் எனக்கு அப்போது நன்றாகப் புரிந்தது. நிலம் இல்லாதவருக்கும் தெரிந்த சொல், மூன்றே எழுத்து. தமிழுக்கு 247 எழுத்து என்று முதல் நாள் சொன்னால் பாதிப் பேர் மறுநாள் வர மாட்டார்கள். தெரிந்த ஒரு சொல்லை உடைத்து, அந்தத் துண்டுகளால் இன்னொன்றைக் கட்டலாம் என்று காட்டிவிட்டால் எண்ணிக்கை அவர்களை மிரட்டுவதில்லை.

அடுத்ததாக நான் எடுத்தது பஸ் பெயர்ப் பலகை. விழுப்புரம் பஸ் நிலையத்தில் திண்டிவனம், திருவண்ணாமலை, திருக்கோவிலூர் என்று எத்தனை 'தி'! ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலம் போகக் கிளம்பிய மாரியம்மாள் திண்டிவனம் பஸ்ஸில் ஏறி, டிக்கெட் கேட்ட நடத்துநர் ஊர் எல்லையில் இறக்கிவிட, இருட்டில் நடந்தே திரும்பியிருக்கிறார். தலையில் கொக்கி போட்ட எழுத்தைப் பார்த்து ஏறுவதுதான் அவர் வழக்கம். அவருடைய 'ரி'யில் இருக்கும் அதே கொக்கிதான் 'தி'யிலும் இருக்கிறது என்று காட்டினேன். திண்டிவனத்தில் இரண்டு கொக்கி இருப்பதையும், கடைசியில் நிற்பது அவர் பெயரிலுள்ள 'ம்' என்பதையும் அவரே கண்டுபிடித்தார்.

இடையில் நான் ஒரு தவறு செய்தேன். இன்னொரு அம்மா கரும்பலகையைப் படிப்பார், புத்தகத்தைக் கொடுத்தால் "மறந்துவிட்டது" என்பார். ஞாபக மறதி என்று நினைத்து அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்து இரண்டு வாரம் அவரை வாட்டினேன். அவர் புத்தகத்தைக் கை நீட்டி எட்டப் பிடிப்பதை ஒருநாள்தான் பார்த்தேன். வெள்ளெழுத்து! நாற்பதுக்கு மேல் எல்லோருக்கும் வருவது. படிக்காதவருக்குப் பக்கத்தில் இருப்பதை உற்றுப் பார்க்கும் தேவை குறைவு. ஊசியில் நூல் கோக்க முடியாதபோது பேத்தியைக் கூப்பிட்டால் போதும். அரசு மருத்துவமனையில் பரிசோதித்து, கண்ணாடி வந்த அன்றே அவர் ஒரு பக்கம் படித்தார். கண்ணைப் பார்க்காமல் பாடத்தைத் தொடங்கக் கூடாது என்று இப்போது எல்லாத் தன்னார்வலர்களிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

கணக்கு வேறு மாதிரி. முழம் 35 ரூபாய் என்றால் மூன்று முழம் நூற்று ஐந்து என்று மூச்சு விடுவதற்குள் சொல்வார்கள். எழுதச் சொன்னால் 1005 என்று எழுதுவார்கள். நூறை எழுதி ஐந்தைப் பக்கத்தில் வைக்கிறார்கள். காது கேட்டதைக் கை எழுதுகிறது. இதற்குக் கூட்டல் பாடம் வேண்டாம். 100 என்று ஓர் அட்டை, 5 என்று ஒரு சிறிய அட்டை. கடைசிச் சுழியத்தின் மேல் ஐந்தை வைத்து மூடச் சொன்னால் போதும்.

தேர்வுக்கு நான்கு நாள் முன்பு மாரியம்மாள் கவலையோடு வந்தார். இப்போது பெயரில் புள்ளிகள் தானாக வந்துவிடுகின்றனவாம். வங்கியில் கொடுத்திருக்கும் பழைய கையெழுத்தில் புள்ளி கிடையாது. பணம் எடுக்கப் போனால் வேறு ஆள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். மாதிரிக் கையெழுத்தை மாற்ற மனு கொடுக்கலாம், அதுவரை வங்கியில் பழையபடியே போடுங்கள் என்றேன். நோட்டை வாங்கி, ஒரு வரியில் புள்ளி இல்லாமல் அந்தப் படத்தை இழுத்தார். அதற்குக் கீழே, எழுத்துக்கு எழுத்து கையை எடுத்து, மா, ரி, ய, ம், மா, ள் என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.