4,000 டன் சரக்கு ரயிலை இறக்கத்தில் நிறுத்துவது எப்படி: ஓப்பன் ரெயில்ஸில் நான் பட்ட பாடு

ஓப்பன் ரெயில்ஸ் என்ற ரயில் ஓட்டும் கணினி விளையாட்டில் பயணிகள் ரயிலை ஓரளவு நன்றாக ஓட்டுகிறவர்கள் சரக்கு ரயிலுக்கு மாறும்போது எங்கே மாட்டிக்கொள்வார்கள் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். நிறுவுவது, வழித்தடம் சேர்ப்பது, ரயிலைக் கிளப்புவது பற்றி இங்கே சொல்லப் போவதில்லை. சமதளத்தில் ஓடும்வரை சிக்கலே இல்லை. எல்லாத் தொல்லையும் ஒரே இடத்தில்தான் வந்தது: 100 மீட்டர் போனால் 1 மீட்டர் இறங்கும் 1-க்கு 100 இறக்கம், 60 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு, அதன் அடியில் ஒரு சிவப்பு சிக்னல்.

ரயில் 700 மீட்டர் நீளம், சரக்கோடு சேர்த்து 4,000 டன். நான்கு நிலை சிக்னல்கள் சுமார் ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. பச்சை, இரட்டை மஞ்சள், ஒற்றை மஞ்சள், சிவப்பு என்று வரிசையாக வரும். இந்த ஓட்டத்தோடு வந்த வழிகாட்டிக் குறிப்பில், இரட்டை மஞ்சளில் எச்சரிக்கையாக இருங்கள், ஒற்றை மஞ்சளில் பிரேக் போடுங்கள், வேகம் குறையக் குறையப் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள் என்று எழுதியிருந்தது. அப்படியே செய்தேன். முழு பிரேக் போட்டும் ரயில் சிவப்பைத் தாண்டிப் போனது. தாண்டிய உடனேயே அவசர பிரேக் தானாகப் பிடித்து, கட்டுப்பாடு கையைவிட்டுப் போய்விடுவதால், என் பிரேக்கில் வண்டி எங்கேதான் நின்றிருக்கும் என்று பார்க்க முடியவில்லை. மறுபடியும் தொடக்கத்திலிருந்து ஓட்டினேன். மலை உச்சிக்கு வந்து சேரவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தக் குறிப்பை நம்பி எத்தனை மாலைப் பொழுதுகள் வீணாய்ப் போயின என்பதை நினைத்தால் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

கடைசியில் குறிப்பை மூடி வைத்துவிட்டு, வழித்தடத்தில் விருப்பம்போல் ஓட்டும் 'Explore Route' முறையில் அதே ரயிலை எடுத்துப்போய்ச் சோதித்துப் பார்த்தேன். இதை நான் முதல் நாளே செய்திருக்கலாம் என்று எந்த வழிகாட்டியும் சொல்லவில்லை, நீங்களாவது செய்யுங்கள். சமதளத்தில் 60-இல் ஓடவிட்டு, முழு பிரேக் போட்டு, கைப்பிடியை நகர்த்திய இடத்திலிருந்து நின்ற இடம்வரை அளந்தால் சுமார் 750 மீட்டர் வந்தது. இது ஒரு கிலோமீட்டருக்குள் அடங்குகிறது. அதனால்தான் குறிப்பை எழுதியவருக்கு ஒற்றை மஞ்சள் போதும் என்று தோன்றியிருக்க வேண்டும். ஆனால் இறக்கத்தில் அதே 60, அதே முழு பிரேக், 1,100 மீட்டரைத் தாண்டியது.

காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. 1-க்கு 100 இறக்கத்தில் புவியீர்ப்பு இந்த ரயிலைக் கீழே இழுக்கும் விசை அதன் எடையில் நூறில் ஒரு பங்கு, அதாவது 40 டன் எடைக்குச் சமம். வேக மாற்றமாகச் சொன்னால் விநாடிக்கு விநாடி 0.1 மீட்டர். முழு பிரேக் சமதளத்தில் தரும் வேகக் குறைப்பு இந்த ரயிலில் விநாடிக்கு விநாடி 0.25 மீட்டர்தான். அதில் 0.1-ஐ இறக்கம் தின்றுவிடுகிறது. ரயிலை நிறுத்த மிஞ்சுவது 0.15 மட்டும். பிரேக் முழுதாகப் பிடித்த பிறகு சமதளத்தில் தேவைப்படும் தூரம் சுமார் 555 மீட்டர் என்றால், இறக்கத்தில் அது 925 ஆகிவிடுகிறது.

பாதி பிரேக் போட்டால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள். பாதி என்றால் ஏறக்குறைய 0.125. அதில் 0.1 போய்விட்டால் மிஞ்சுவது 0.025. இதை வைத்து நிறுத்த ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். பிரேக்கைப் பாதியாகக் குறைத்தால் தூரம் இரட்டிப்பாகும் என்று மனசு போடும் கணக்கு இறக்கத்தில் செல்லாது. முதல் பங்கு பிரேக் ரயிலின் வேகம் ஏறாமல் பிடித்து வைப்பதற்கே சரியாகிவிடும். அதற்கு மேல் போடுவதுதான் ரயிலை நிறுத்தும்.

இதோடு தாமதமும் சேருகிறது. கைப்பிடியை நகர்த்தியதும் பிரேக் குழாயில் காற்றழுத்தம் குறையும் செய்தி கடைசி வேகன்வரை போக இந்த நீளத்துக்கு மூன்று விநாடி போல ஆகும். அது பெரிதில்லை. ஆனால் சரக்கு வேகன்களில் பிரேக் சிலிண்டர் வேண்டுமென்றே மெதுவாகத்தான் நிரம்பும். ஐரோப்பிய முறையில் சரக்கு நிலைக்கு 18 முதல் 30 விநாடி. பயணிகள் நிலைக்கு 3 முதல் 5 விநாடிதான். முன் வேகன்கள் சட்டென்று பிடித்து, பின்னால் வருபவை அவற்றின் மேல் வந்து மோதாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. இந்த இடைவெளியில் பாதி நேரத்தைத் தாமதமாக எடுத்துக்கொண்டால், சுமார் 12 விநாடி. 60-இல் அது 200 மீட்டர். 925-உம் 200-உம் சேர்ந்தால் 1,125. சோதனையில் வந்த தூரமும் அதுவே. ஒற்றை மஞ்சளைக் கடக்கும்போது பிரேக் போட்டால் இந்த ரயில் சிவப்புக்கு முன் நிற்க வழியே இல்லை. பலகையில் 60 என்று போட்டிருக்கிறதே என்றால், அந்த 60 இரட்டை மஞ்சளிலேயே பிரேக்கைத் தொடங்கிவிடுகிறவருக்குத்தான் பாதுகாப்பு. அங்கிருந்து சிவப்புவரை இரண்டு கிலோமீட்டர் இருக்கிறது.

இரட்டை மஞ்சளில் தொடங்கினேன். அப்புறமும் ஒரு முறை சிவப்பைத் தாண்டியது. இதற்குக் காரணம் குறிப்பின் இன்னொரு வரி: "கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்."

ஓப்பன் ரெயில்ஸின் அமைப்புகளில் 'Graduated release air brakes' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை டிக் செய்தால் பிரேக்கைப் பகுதி பகுதியாகத் தளர்த்தலாம். டிக் செய்யாவிட்டால் சரக்கு ரயில் முறை: லேசாகத் தளர்த்தினாலும் எல்லா வேகன்களிலும் பிரேக் முழுதாக விட்டுவிடும். என் கணினியில் டிக் இல்லை. குறிப்பை எழுதியவர் டிக் போட்டு ஓட்டியிருக்கிறார். ஆனால் அதை எங்கேயும் சொல்லவில்லை. நான் 30-க்கு வந்ததும் கொஞ்சம் தளர்த்தினேன். பிரேக் முழுதும் போய்விட்டது. உடனே மறுபடி போட்டால் ஒன்றும் பிடிக்கவில்லை.

ஏன் பிடிக்கவில்லை என்பதை F5 அழுத்தி, பிரேக் விவரப் பக்கம் வரும்வரை Shift+F5 அழுத்திப் பார்த்தால் கண்ணெதிரே தெரியும். ஒவ்வொரு வேகனிலும் ஒரு துணைக் காற்றுத் தொட்டி இருக்கிறது. பிரேக் போடும்போது அதிலிருந்துதான் சிலிண்டருக்குக் காற்று போகிறது. தளர்த்திய பிறகு பிரேக் குழாய் வழியாகத்தான் தொட்டி மறுபடி நிரம்ப வேண்டும். நீளமான ரயிலில் அதற்கு நிமிடக்கணக்கில் ஆகும். முழு அழுத்தம் 5 பார். முழு பிரேக் என்றால் குழாயை 3.5-க்கு இறக்குவது. தொட்டியும் ஏறக்குறைய அதே அளவுக்கு வந்துவிடும். தளர்த்திய சில விநாடிகளில் குழாய் 4.3-க்கு ஏறியிருக்கும், தொட்டி 3.8-இல்தான் இருக்கும். அப்போது குழாயை 4-க்கு இறக்கினால் வால்வு அசையவே அசையாது. குழாய் அழுத்தம் தொட்டியின் அழுத்தத்துக்குக் கீழே போனால்தான் பிரேக் பிடிக்கும். பிடித்தாலும் தொட்டியில் இருப்பது குறைந்த காற்று, அதனால் முன்னைவிட வலுக் குறைவு. இப்படி இரண்டு மூன்று தடவை போட்டுப் போட்டு விட்டால் இறக்கத்தில் காற்றே இல்லாமல் நிற்பீர்கள்.

அவசர பிரேக் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். முழுக் காற்று இருக்கும்போதே அது தரும் உச்ச விசை முழு பிரேக்கைவிடப் பெரிதாக அதிகமில்லை. சீக்கிரமாகப் பிடிக்கும், அவ்வளவுதான். தொட்டி காலியானால் அதற்கும் கொடுக்க ஒன்றுமில்லை.

டிக் போட்டுவிட்டு ஓட்டுவது சுலபம்தான். ஆனால் கனமான ரயிலைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் டிக் இல்லாமல் ஓட்டுங்கள் என்பேன். பிரேக்கை எப்போது விடுவது என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்க வைப்பது அந்த முறைதான்.

கடைசியில் சரியாக வந்த ஓட்டம் இப்படி. உச்சியைத் தாண்டும் முன்பே வேகத்தை 45-க்குக் கொண்டுவந்தேன். தூரம் வேகத்தின் வர்க்கத்தில் போவதால் இந்தச் சின்னக் குறைப்பு பெரிய லாபம்: 45-இல் தாமதத்தையும் சேர்த்து 670 மீட்டர் போதும். அது ஒரு சிக்னல் இடைவெளிக்குள் நன்றாக அடங்குகிறது. F4 அழுத்தினால் வரும் பட்டையில் வரப்போகும் சிக்னல், வேகம், சரிவு மூன்றும் தெரியும். அதைத் திறந்தே வைத்திருந்தேன். ரயில் முழுதும் இறக்கத்துக்கு வருவதற்குள் டைனமிக் பிரேக்கை ஏற்றினேன். அது மோட்டாரின் பிரேக், காற்றைச் செலவழிக்காது. இழுக்கும் 40 டன்னில் பாதிக்கு மேல் அது தாங்கியது. மீதிக்குக் குழாயில் 0.5 பார் மட்டும் குறைத்து, தளர்த்தாமல் அப்படியே விட்டேன். வேகம் 45-க்கும் 42-க்கும் நடுவில் நின்றது. வேகத்தைத் திருத்த வேண்டியபோதெல்லாம் டைனமிக் பிரேக்கைத்தான் ஏற்றி இறக்கினேன்.

நடுவில் ஒரு வளைவுக்கு 40 கட்டுப்பாடு. எஞ்சின் வளைவைத் தாண்டியதும் ஏற்றிவிடலாம் என்று கை போகும், கூடாது. 40-இல் 700 மீட்டர் ரயில் ஓர் இடத்தைக் கடக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். கடைசி வேகன் வெளியேறும்வரை கட்டுப்பாடு உண்டு, விளையாட்டிலும் அதே விதிதான்.

இரட்டை மஞ்சள் தெரிந்ததும் குழாயில் இன்னும் 0.3 குறைத்தேன். ஒற்றை மஞ்சளைக் கடக்கும்போது வேகம் 30. அங்கிருந்து ஒரே பிரேக்கைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே போனேன், எங்கேயும் விடவில்லை. மெதுவாகப் போகும்போது டைனமிக் பிரேக்கின் பிடி பல எஞ்சின்களில் குறைந்துவிடும் என்பதால் அந்தக் குறையைக் காற்றால் முன்கூட்டியே ஈடுகட்ட வேண்டும். சிவப்புக்கு 150 மீட்டர் முன்னால் ரயில் நின்றது. அந்த நிறுத்தத்தைப் பார்த்தபோது கிடைத்த நிம்மதி சாதாரணமானதில்லை.

நின்ற பிறகும் ஒரு பொறி இருக்கிறது. சிக்னல் பச்சையானதும் எஞ்சின் பிரேக்கை மட்டும் வைத்துக்கொண்டு ரயில் பிரேக்கை விட்டால், 40 டன் இழுப்பை எஞ்சின் பிரேக் தனியாகத் தாங்காது. தொட்டிகள் நிரம்பும் முன்பே ரயில் உருளத் தொடங்கிவிடும். அதனால் விட்டவுடனே டைனமிக் பிரேக்கை ஏற்றி 20-க்கு மேல் போகவிடாமல் பிடியுங்கள். அந்தப் பிரேக் விவரப் பக்கத்தில் கடைசி வேகனின் தொட்டி மறுபடி 5 பாருக்குப் பக்கத்தில் வரும்வரை வேகத்தைக் கூட்டாதீர்கள். உங்கள் எஞ்சினின் டைனமிக் பிரேக் 20-க்குக் கீழே பிடிக்காத வகை என்றால், இறக்கம் முடியும் இடம் பக்கத்தில் இருக்கிறதா என்று F4-இல் பார்த்துவிட்டுத்தான் பிரேக்கை விட வேண்டும்.