அம்பது மில்லி ப்ளாட்டை நேரா அறுக்க நாலு ஞாயிறு ஆச்சு

சாணை புடிக்கற கிரைண்டருக்கு டூல் ரெஸ்ட், அதாவது சக்கரத்துக்கு முன்னாடி உளியை சாத்தி வைக்கற தாங்கி, பண்றேன்னு போன மாசம் சொன்னேன்ல, அது இன்னும் முடியல. வெல்டிங் வரைக்கும் கூட போகல. 50 மில்லி அகலம் 6 மில்லி தடிப்பு எம்.எஸ். ப்ளாட்ல, அதான் இரும்புப் பட்டையில, 80 மில்லி துண்டு ஒன்னு நேரா அறுக்கணும், அவ்ளோதான் வேலை, அதுக்கே நாலு ஞாயித்துக்கிழமை போயிடுச்சு. நேத்து சாயந்திரம்தான் தொண்ணூறு டிகிரி பாக்கற மூலமட்டம் வச்சா வெளிச்சம் தெரியாத மாதிரி ஒரு விளிம்பு கிடைச்சுது. அந்த சந்தோஷத்துல எழுதறேன்.

கட்டிங் வீல் போட்டா ரெண்டு நிமிஷம்னு நீங்க சொல்லுவீங்க, தெரியும். எங்க வீடு வேலூர் சத்துவாச்சாரியில ஒட்டி ஒட்டி இருக்கற லைன் வீடு, மொட்டை மாடியில வீல் போட்டா பக்கத்து வீட்டு கொடித்துணியில நெருப்புப்பொறி விழும், ஏற்கெனவே ஒரு தடவை ஆயி அம்மா போய் சமாதானம் பேசிட்டு வந்தாங்க. அதனால ஆக்சா பிளேடுதான், கை அரம்தான்.

முதல் மூணு துண்டும் ஒரே மாதிரி கெட்டுது. ப்ளாட்டை வைஸ்ல நிமித்தி, அதாவது 6 மில்லி விளிம்பு மேல பாக்கற மாதிரி புடிச்சு, மேலேர்ந்து கீழ 50 மில்லி ஆழத்துக்கு அறுத்தேன். எல்லாரும் அப்படித்தானே அறுக்கறோம். ஆரம்பத்துல கோட்டுமேலயே போகும், ஒரு 15 மில்லி இறங்கினதும் மெதுவா இடது பக்கம் சாயும், அடியில போய் சேரும்போது கோட்டுக்கும் அறுப்புக்கும் நடுவுல 2 மில்லி. சாயறதைப் பாத்துட்டு ஃப்ரேமை வலது பக்கம் முறுக்குவேன், அது இன்னும் மோசம், அறுப்பு வாழைக்காய் மாதிரி வளைஞ்சுடும். பிளேடு ஆழமா உள்ள போனதுக்கு அப்புறம் அதைத் திருப்பவே முடியாது, ரெண்டு பக்கமும் இரும்பு புடிச்சுகினு இருக்கும், நாம முறுக்கினா பிளேடு நடுவுல வில்லு மாதிரி வளையும், அவ்ளோதான். ஒரு பிளேடு அப்படித்தான் படக்குனு போச்சு. புதுசு மாட்டி அதே பள்ளத்துல விட்டா இறங்கவே மாட்டேங்குது, ஏன்னா பழைய பிளேடோட பல்லு தேய்ஞ்சு பள்ளம் குறுகலாயிடுச்சு, புதுசோட பல்விரிப்பு, அதாவது மாத்தி மாத்தி ரெண்டு பக்கமும் வளைச்சு விட்ட பல்லு, அதுல சிக்கிகினு நிக்குது. பாதியில பிளேடு மாத்தினா துண்டைத் திருப்பி எதிர்ப்பக்கத்துலேர்ந்து அறுங்க, இது நான் பிளேடு குடுத்து வாங்கின பாடம்.

கை சரியில்லைன்னுதான் முதல்ல நெனச்சேன். ஒரு சந்தேகம் வந்து வீணா போன துண்டுல ஒரு சோதனை பண்ணேன். கோடு போட்டு 20 மில்லி அறுத்தேன், இடது பக்கம் சாய்ஞ்சுது. துண்டை வைஸ்ல அப்படியே தலைமாத்தி புடிச்சு இன்னொரு கோட்டுல அறுத்தேன், அப்பவும் என் இடது கைப் பக்கம்தான் சாய்ஞ்சுது. அப்போ துண்டுல தப்பில்ல, என் கிட்டயோ ரம்பத்துலயோ இருக்கு. பிளேடு மாத்தினேன், பழைய பிளேடுல ஒரு பக்கத்து பல்விரிப்பு தேய்ஞ்சிருந்தா அது நல்லா இருக்கற பக்கம் இழுக்கும்னு தெரியும். மாத்தினதும் கொஞ்சம் குறைஞ்சுது, ஆனா போகல.

அப்புறம்தான் ஃப்ரேமை கண்ணுக்கு நேரா புடிச்சு, கைப்பிடி பக்கத்துலேர்ந்து துப்பாக்கி குறி பாக்கற மாதிரி பிளேடை பாத்தேன். அட கடவுளே. ஃப்ரேமோட முதுகு நேரா நிக்குது, பிளேடு அதுக்கு லேசா சாய்ஞ்சு நிக்குது. முன்னாடி பிளேடு மாட்டற பின் இருக்கற துண்டு அதோட குழாய்க்குள்ள லொடலொடன்னு ஆடுது, இறுக்கும்போது அப்படியே சாய்ஞ்சபடி இறுகிடுது. நான் ஃப்ரேமை நெட்டுக்குத்தா புடிச்சுகினு இருக்கேன்னு நெனச்சுகினு இத்தனை நாளா பிளேடை சாய்ச்சு அறுத்துகினு இருந்திருக்கேன். ஒரு ரெண்டு டிகிரிதான் இருக்கும். 50 மில்லி இறங்கறதுக்குள்ள ரெண்டு டிகிரின்னா கிட்டத்தட்ட ஒன்னே முக்கா மில்லி தள்ளிப்போகும். என் 2 மில்லி எங்கேர்ந்து வந்துதுன்னு புரிஞ்சுதா.

லாங் பஜார் பக்கம் ஒரு கடையில மலிவா கிடைக்குதேன்னு வாங்கின ஃப்ரேம் அது, கடைக்காரர் ஒன்னும் தப்பா சொல்லல, நான்தான் வெலையைப் பாத்தேன், பின்னைப் பாக்கல. இனிமே வாங்கறவங்க கடையிலயே ஒரு பிளேடு மாட்டி இறுக்கி, முதுகும் பிளேடும் ஒரே கோட்டுல நிக்குதான்னு பாத்துட்டு காசு குடுங்க. நான் இப்போதைக்கு அந்த லொடலொடப்புக்கு டின் தகடு துண்டு ஒன்னு சொருகி இருக்கேன், முக்கால்வாசி சரியாச்சு.

மிச்ச கால்வாசிக்கு எங்க மாமா வழி சொன்னாரு. ராணிப்பேட்டை பக்கம் ஃபிட்டரா வேலை பாத்து ரிடையர் ஆனவரு, ஐ.டி.ஐ.ல மாசக்கணக்கா அரம் ராவிய ஆளு. மாடிக்கு வந்து என் துண்டுங்களை பாத்துட்டு, “இன்னா மாப்ள இது, இன்னாத்துக்கு இதை நிக்க வச்சு அறுக்கற, படுக்கப் போடுடா”ன்னாரு. “சாயறது சாயட்டும், ஆறு மில்லிக்குள்ள எவ்ளோ சாயும்?”

யோசிச்சா அவ்ளோதான் விஷயம். 50 மில்லி அகலம் மேல பாக்கற மாதிரி ப்ளாட்டை படுக்க வச்சா பிளேடு இறங்க வேண்டிய ஆழம் வெறும் 6 மில்லி. அதே ரெண்டு டிகிரி சாய்வு இப்போ 0.2 மில்லி தப்புதான் குடுக்கும், அது அரத்துல நாலு இழுப்பு. அதோட மேல போட்ட கோடு முழுசும் கண்ணு முன்னாடி இருக்கு, மொத்த கோட்டுலயும் ஒரு மில்லி பள்ளம் விழுந்துட்டா அந்த பள்ளமே பிளேடை புடிச்சு வழி காட்டும்.

நேத்து பண்ணது இப்படி. மார்க்கரை அகலமா பூசி, மூலமட்டத்தை ஒரே விளிம்புல சாத்தி மேலயும் அடியிலயும் ஸ்க்ரைபரால கீறினேன். ஒரே விளிம்புன்னு சொல்றதுக்கு காரணம் இருக்கு, கடையில வர்ற கருப்பு ப்ளாட்டோட ரெண்டு விளிம்பும் ஒன்னுக்கொன்னு இணையா இருக்கும்னு நம்பாதீங்க. வைஸ் வாய்க்கு நடுவுல 50 மில்லி அகலத்தை புடிச்சு, அடியில ஒரு கட்டை குடுத்தேன், விளிம்பு உருண்டையா இருக்கறதால கட்டை இல்லன்னா அழுத்தும்போது வழுக்கி கீழ இறங்குது. கோடு வைஸ் ஓரத்துலேர்ந்து அஞ்சாறு மில்லிதான் வெளிய. அதுக்கு மேல வெளிய விட்டா கீச்சுனு கத்தும், தெருவே எட்டிப் பாக்கும்.

கோட்டுக்கு வெளிப்பக்கம் அரை மில்லி விட்டு, தூரத்து முனையில முக்கோண அரத்தால ஒரு சின்ன வெட்டு. அதுல பிளேடை வச்சு மூக்கு லேசா இறங்கின மாதிரி ஆரம்பிச்சு, அறுக்க அறுக்க கைப்பிடியை கொஞ்சம் கொஞ்சமா தாழ்த்தி என் பக்கம் வரைக்கும் பள்ளத்தை இழுத்துகினு வந்தேன். எடுத்தவுடனே பிளேடை மட்டமா வச்சா 50 மில்லி முழுக்க பல்லு உக்காந்துடும், ஒரு பல்லும் கடிக்காது, சும்மா வழுக்கி தேயும். பிளேடும் இஞ்சுக்கு 24 பல்லுக்கு பதிலா 18 போட்டேன், நீளமான அறுப்புல தூள் தங்க எடம் வேணும். 6 மில்லி தடிப்புன்னு பாத்து 24 வாங்கி வச்சிருந்தேன், நிக்க வச்சு அறுக்க அது சரி, படுக்கப் போட்டா அடைச்சுக்குது.

ஃப்ரேமை பாக்கவே இல்ல, பிளேடை மட்டும்தான் பாத்தேன். முன்னாடி தள்ளும்போது அழுத்தம், பின்னாடி வரும்போது சும்மா. பத்து நிமிஷம் ஆச்சு. கடைசி ஒரு மில்லியில இடது கையால துண்டை தாங்கி மெதுவா முடிச்சேன், முதல் துண்டு தொபுக்குனு விழுந்தப்போ விரல் முட்டி வைஸ்ல இடிச்சு தோலு போன ஞாபகம் இருக்கு.

மேல கோட்டுலேர்ந்து அரை மில்லி, அடியில முக்கா மில்லி. மாமா ஒன்னும் சொல்லல, டீ கேட்டாரு. அவர்கிட்ட அதுதான் பாராட்டு.

அரம் வேலை நெனச்சதை விட இழுத்துச்சு. 6 மில்லி விளிம்பு மேல அரம் குறுக்க போனா கை ஊஞ்சலாடும், விளிம்பு நடுவுல மேடாகி ரெண்டு ஓரமும் சரியும். அதனால முரட்டு அரத்தை கோணலா நீளவாக்குல தள்ளி கோடு வரைக்கும் கொண்டுவந்தேன். அப்புறம் மூலமட்டம் வச்சு டியூப் லைட்டுக்கு நேரா பாத்தா ஒரு பக்கம் வெளிச்சம் தெரியுது, ராவுறேன், திருப்பி வைக்கறேன், இப்போ இன்னொரு பக்கம். அரை மணி நேரம் இதே கதை. கடைசியில பாத்தா விளிம்புல பிசிறு மடிஞ்சு நிக்குது, மூலமட்டம் இரும்பு மேல உக்காரல, பிசிறு மேல உக்காந்திருக்கு! இல்லாத தப்பை தேடி நல்ல விளிம்பை ராவிகினு இருந்திருக்கேன். ஒவ்வொரு தடவை வைக்கறதுக்கு முன்னாடியும் பிசிறை எடுங்க, சின்ன அரத்தால ஒரு இழுப்பு போதும்.

முடிவுக்கு மெல்லிசு அரத்தை ரெண்டு கையாலயும் குறுக்க புடிச்சு, கட்டைவிரல் ரெண்டும் துண்டுக்கு ஒட்டினாப்ல வச்சு நீளவாக்குல இழுத்தேன். விரல் கிட்ட இருந்தா ஆட்டம் குறையும். அரத்துக்கு சாக்பீஸ் பூசிக்குங்க, இல்லன்னா தூள் பல்லுல சிக்கி அங்க ஒன்னு இங்க ஒன்னுன்னு ஆழமா கீறல் போடும், அதை எடுக்க இன்னும் ஒரு அரை மணி. ராவின எடத்தை விரலால தடவிப் பாக்கற பழக்கம் எனக்கு, இந்த ஊரு வேர்வைக்கு அரம் வழுக்குது, ராத்திரிக்குள்ள விரல் ரேகை அளவுக்கு துருவும் புடிக்குது. இப்போ துணியால தொடச்சு தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

வெளிச்சம் இப்போ எங்கயும் தெரியல, வலது மூலையில மட்டும் மயிரளவு சரிவு இருக்கு, அது சக்கரத்துக்கு எதிர்ப்பக்கம்தான் வரும், விட்டுட்டேன்.

அடுத்தது இதே துண்டுல போல்ட் நகர நீளத் துளை. வரிசையா ட்ரில் போட்டு நடுவுல அரம் விடறதா திட்டம், ஆனா அதுக்குள்ள பழைய இரும்பு கடையில ஒரு பழைய ஃப்ரேம் பாத்து வச்சிருக்கேன், கனமா, ஆட்டமே இல்லாம, பின் ரெண்டும் நேரா நிக்குது. எடைக்குத்தான் போடுவாரு. மீதி இருக்கற ஒரு மீட்டர் ப்ளாட்டே ரெண்டு கிலோ முன்னூத்தம்பது வரும், அதை குடுத்து மாத்திக்கலாமான்னு கேட்டுப் பாக்கணும். ஆனா ப்ளாட் போச்சுன்னா டூல் ரெஸ்டோட அடிக்கட்டைக்கு என்ன பண்றது.