பதினாறு சதவீதம் எங்கிருந்து வந்தது?

எங்கள் ஆலையின் ஓய்வூதிய டிரஸ்டில் தொழிலாளர் தரப்பு டிரஸ்டியாக நான் உட்கார்ந்த முதல் ஆண்டிலேயே, ஓய்வூதியம் தர எவ்வளவு பணம் வேண்டும் என்று கணக்கிடும் நிபுணரான ஆக்சுவரியின் மதிப்பீட்டு அறிக்கை வந்து சேர்ந்தது. முழு அறிக்கை அறுபது பக்கம். எங்கள் கைக்குத் தந்தது ஆறு பக்கச் சுருக்கம். 2025 மார்ச் 31 நிலவரப்படி கடன்பாடு, அதாவது இதுவரை சேர்ந்த ஓய்வூதியத்தின் அன்றைய மதிப்பு, 34 கோடி, கையிருப்பு 30 கோடி, பற்றாக்குறை 4 கோடி. கடைசி வரியில், நிறுவனம் அடிப்படைச் சம்பளத்தில் 16 சதவீதம் செலுத்த வேண்டும் என்ற பரிந்துரை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இது 13 சதவீதமாக இருந்தது. கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

எல்லோரையும் போல நானும் கடைசி வரியிலிருந்துதான் தொடங்கினேன், அதனால் இரண்டு இரவு வீணாயிற்று. அந்த 16 ஒரே எண் அல்ல என்பது மூன்றாம் பக்கத்துச் சிறிய அட்டவணையைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அதில் 12 சதவீதம் இந்த ஓராண்டு நாங்கள் செய்யும் வேலைக்குச் சேரும் ஓய்வூதியத்தின் விலை. மீதி 4 சதவீதம் பழைய பற்றாக்குறையைப் பத்து ஆண்டுகளில் அடைப்பதற்கான தவணை. முன்னதை மளிகைச் செலவு என்றும் பின்னதைக் கடன் தவணை என்றும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு அனுமானத்தையும் பார்க்கும்போது, இது எதை ஏற்றும், மளிகையையா, கடனையா, இரண்டையுமா என்று கேட்க முடிந்தது.

அனுமானப் பக்கத்தில் முதலில் நின்றது தள்ளுபடி விகிதம், அதாவது பின்னால் தர வேண்டிய பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் வட்டி விகிதம். சென்ற முறை 7.3, இந்த முறை 6.8. நீண்டகால அரசுப் பத்திரங்களின் வருவாயை ஒட்டி எடுத்தது என்று குறிப்பு. அது நியாயம்தான். 2023 மார்ச் இறுதியில் பத்தாண்டு அரசுப் பத்திரமே 7.3 சதவீதத்தை ஒட்டி இருந்தது, இரண்டு ஆண்டில் 6.6 அளவுக்கு இறங்கிவிட்டது. இன்னும் நீண்ட பத்திரங்கள் அதைவிடச் சற்று மேலே. ஆனால் வெறும் அரை சதவீதம் இவ்வளவு வலிக்குமா என்று சந்தேகம். கால்குலேட்டரை எடுத்து என் கணக்கையே போட்டுப் பார்த்தேன். எனக்கு வயது 48, ஓய்வுக்கு இன்னும் 12 ஆண்டு. அன்று 100 ரூபாய் தேவை என்றால், 7.3 சதவீதத்தில் இன்று 42.93 ரூபாய் போட்டால் போதும். 6.8 சதவீதத்தில் 45.41 போட வேண்டும். ஏறத்தாழ 6 சதவீதம் அதிகம். எங்கள் ஆட்களின் சராசரியும் 12 ஆண்டுதான், எனவே மொத்தக் கடன்பாட்டில் இரண்டு கோடிக்குச் சற்றுக் குறைவானது இந்த ஒரு வரியால் மட்டும் ஏறியிருக்கிறது. பற்றாக்குறையில் பாதி.

அடுத்த வரி சம்பள உயர்வு, ஆண்டுக்கு 8 சதவீதம், மாற்றமில்லை. சம்பளம் ஏறினால் தர வேண்டிய ஓய்வூதியமும் ஏறும். இங்கேதான் நிதி மேலாளர் கூட்டத்துக்கு முன்பே என்னைத் தனியாக அழைத்தார். "தள்ளுபடி விகிதம் குறைந்தால் விலைவாசியும் குறைகிறது என்றுதானே பொருள் சார், சம்பள உயர்வை 7 என்று வைத்துவிடலாமே" என்றார். வாதம் முட்டாள்தனமானது அல்ல. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் கடன்பாட்டை நிர்ணயிக்கிறது. அது 0.7லிருந்து 1.2 ஆக விரிந்திருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். 12 ஆண்டுக்கு ஒரு சதவீதம் குறைத்தால் 34 கோடி 30 கோடியே 40 லட்சமாகச் சுருங்கிவிடுகிறது. பற்றாக்குறை கிட்டத்தட்ட மாயமாகிவிடும். நிதிக்குள் ஒரு ரூபாய் கூட வராமலே. கடந்த இரண்டு ஊதிய ஒப்பந்தங்களையும் பதவி உயர்வையும் சேர்த்துக் கணக்கிட்டால் சராசரி 8.1 வந்தது. அதை எழுதிக் கொடுத்தேன். அவர் சிரித்தார். "உங்களுக்குச் சம்பளம் ஏறாது என்று ஒரு தொழிற்சங்கக்காரரையே ஒப்புக்கொள்ள வைக்கப் பார்த்தேன்" என்றார்.

இவ்வளவுடன் முடிந்திருந்தால் நான் 16க்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன். அனுமானப் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது: ஆண்டுக்கு 1,000 ரூபாய் ஓய்வூதியத்துக்கான ஆன்யுட்டி விலை, 60 வயதில், 12,400 ரூபாய். ஆன்யுட்டி என்றால், மொத்தமாகப் பணம் கட்டினால் ஆயுள் வரை ஓய்வூதியம் தரும் காப்பீட்டு ஒப்பந்தம். எங்கள் டிரஸ்ட் ஓய்வுபெற்றவருக்கு மாதாமாதம் தானே பணம் தருவதில்லை. ஒருவர் ஓய்வுபெறும் அன்று, அவர் பெயரில் ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் ஆன்யுட்டி வாங்கிக் கொடுத்துவிடுகிறது. ஆகவே அன்றைய கடை விலைதான் எங்களுக்கு உண்மையான செலவு.

பிப்ரவரியில் ஓய்வுபெற்ற பாய்லர் பிரிவு அண்ணனிடம், அவருடைய ஆன்யுட்டிக்குக் காப்பீட்டு நிறுவனம் தந்த விலைப்புள்ளித் தாள் இன்னும் இருக்கும் என்று தோன்றி அவர் வீட்டுக்குப் போனேன். ரேஷன் அட்டையோடு அதே பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். வகுத்துப் பார்த்தால் 1,000 ரூபாய்க்கு 13,400. அறிக்கையைவிட 8 சதவீதம் அதிகம். ஒரு வேளை அந்த நிறுவனம் விலை கூடுதலாகச் சொல்லியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே தாளின் நடுவில் படித்தேன்: "துணைவருக்கு 50 சதவீதம் தொடரும்". திரும்பி வந்து அறிக்கையைப் பார்த்தேன். அங்கே ஒருவர் ஆயுள் வரை மட்டும். நிதியின் விதிகள் எழுதப்பட்ட டிரஸ்ட் பத்திரத்தை எடுத்தேன். 2019இல் செய்த திருத்தத்தில், ஓய்வூதியர் இறந்தால் கணவருக்கோ மனைவிக்கோ பாதி தொடர வேண்டும் என்று இருந்தது. ஆறு ஆண்டாக அந்தப் பாதி எந்தக் கணக்கிலும் இல்லை.

ஆக்சுவரிக்கு மின்னஞ்சலில் மூன்றே வரி எழுதி, திருத்தத்தின் நகலையும் விலைப்புள்ளியையும் இணைத்தேன். இரண்டாம் நாள் பதில் வந்தது. திருத்தம் தன்னிடம் வந்து சேரவே இல்லை, பழைய மதிப்பீட்டின் அனுமானத்தைத் தொடர்ந்திருக்கிறேன் என்று நேராக ஒப்புக்கொண்டார். குற்றம் அவருடையது மட்டுமல்ல. அவருக்குத் தரவு அனுப்புவது எங்கள் அலுவலகம். ஆட்களின் பட்டியலை ஆண்டுதோறும் அனுப்பியவர்கள், பத்திரத் திருத்தத்தை அனுப்ப வேண்டும் என்று யோசிக்கவில்லை.

திருத்திய சுருக்கத்தில் கடன்பாடு 36.5 கோடி. முழு 8 சதவீதம் ஏறவில்லை, ஏனென்றால் பணியில் இருக்கும்போதே இறப்பவர்களுக்கான தொகைக்கும் இந்த விலைக்கும் தொடர்பில்லை. மளிகைச் செலவு 12லிருந்து 12.9 சதவீதம் ஆயிற்று. பற்றாக்குறை 6.5 கோடி.

அந்தக் கடன் தவணையைச் சதவீதமாகவே வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 2012க்குப் பிறகு சேர்ந்தவர்கள் எங்கள் நிதியில் இல்லை. இப்போது 212 பேர், அடிப்படைச் சம்பளம் மொத்தம் 14 கோடி. ஒவ்வொரு ஆண்டும் சிலர் ஓய்வுபெறுகிறார்கள், புதியவர் யாரும் வருவதில்லை. சம்பளப் பட்டியல் சுருங்கச் சுருங்க, அதில் ஒரு சதவீதம் என்பதும் சுருங்கும். கடன் மட்டும் அப்படியே நிற்கும். பத்து ஆண்டில் அடைய வேண்டியது பதினைந்தானாலும் அடையாது. ஆக்சுவரியிடம் கேட்டபோது, மூடிய நிதிகளுக்கு ரூபாயில் நிலையான தவணை வைப்பதே தெளிவானது, பழைய படிவத்தையே தொடர்ந்ததால் இப்படி எழுதினேன் என்றார். பத்து ஆண்டுக்கு, 6.8 சதவீதத்தில், ஆண்டுக்கு 92 லட்சம் என்று கணக்குப் போட்டுத் தந்தார்.

கூட்டத்தில் நிதி மேலாளர் முகம் வாடித்தான் இருந்தது. ஆனால் 12.9 சதவீதமும் 92 லட்சமும் தனித்தனித் தீர்மானங்களாகப் பதிவாயின. அடுத்த மதிப்பீட்டுக்கான தரவுப் பட்டியலின் முதல் வரியில் "டிரஸ்ட் பத்திரமும் எல்லாத் திருத்தங்களும்" என்று சேர்த்துவிட்டு, விலைப்புள்ளித் தாளை அண்ணனிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். "இதில் என்ன அதிசயம் இருந்தது?" என்றார். அண்ணி அதை வாங்கி மறுபடி ரேஷன் அட்டையோடு வைத்தார்.